இறுகிய தசையை இன்னும் இறுக்கலாமா? கெகல் செய்தும் தீராத மலச்சிக்கலுக்கு நான்கு வழிகள்

34 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது பிரசவம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. தும்மினாலோ குழந்தையைத் தூக்கினாலோ சிறுநீர் சொட்டுகிறது. கைபேசியில் தேடியதும் கெகல் பயிற்சி கிடைத்தது. ஆசனவாயையும் சிறுநீர்த் துளையையும் சேர்த்து மேலே இழுத்துப் பிடி, பத்து எண்ணு, விடு, மறுபடியும் பிடி. சமைக்கும்போது, பேருந்தில், அலுவலகத்தில் என்று நினைவு வந்தபோதெல்லாம் செய்தார். இரண்டு மாதத்தில் கசிவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது. மலம் கெட்டியாக இல்லை, ஆனாலும் வெளியே வர மறுக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து முக்கினால் கொஞ்சம் வரும். எழுந்து வந்தால் இன்னும் பாதி உள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கும்.

இவர் ஒரே ஒருவர் அல்ல. இடுப்புக்கு அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபி வேலையில் பார்த்த பலரைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். ஆண்களும் இதில் உண்டு. விந்து முந்துவதற்குத் தீர்வு என்று படித்துவிட்டு நாள் முழுவதும் இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். யோகா வகுப்பில் மலச்சிக்கலுக்கும் மூலத்துக்கும் நல்லது என்று அஸ்வினி முத்திரை, மூலபந்தம் கற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பெயர்கள் வேறாக இருந்தாலும் தசைக்குத் தரும் வேலை ஒன்றுதான், இறுக்குவது. தசை தளர்ந்து பலவீனமாக இருப்பவருக்கு அது மருந்து. ஏற்கெனவே இறுகிப்போனவருக்கு அது எதிர்த்திசையில் வேலை செய்யும்.

அப்படிப்பட்டவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கெகலைத் தொடர்வது, மலத்தை இளக்கும் மருந்தை மட்டும் நம்புவது, தசையைத் தளர்த்தக் கற்றுக்கொள்வது, தசை செய்வதைத் திரையில் பார்த்தே திருத்திப் பழகும் பயோஃபீட்பேக் சிகிச்சைக்குப் போவது. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். அதற்கு முன், மலம் வெளியேறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது புரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

கதவைத் திறக்கும் தசை

மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் குழாய் நேராகப் போவதில்லை, ஏறத்தாழ செங்கோணமாக மடங்கியிருக்கும். அதை மடக்கி வைத்திருப்பது பியூபோரெக்டாலிஸ் என்ற தசை. முன்னால் இருக்கும் இடுப்பெலும்பில் தொடங்கி, மலக்குடலின் பின்பக்கமாகச் சுற்றி, மறுபடியும் முன்னாலேயே வந்து சேரும். தோட்டத்து ரப்பர் குழாயின் பின்புறமாக ஒரு துண்டைப் போட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் இழுத்துப் பிடித்தால் குழாய் மடங்கித் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? அதே ஏற்பாடுதான். நாம் நடக்கும்போதும் தூங்கும்போதும் மலம் தானாக வெளியேறாமல் காப்பது இந்த மடிப்பும், அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வளையத் தசைகளும்.

கழிக்க உட்காரும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வயிற்றுக்குள் அழுத்தம் மெதுவாகக் கூட வேண்டும். அதே நொடியில் பியூபோரெக்டாலிஸும் வெளி வளையத் தசையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போது மடிப்பு நிமிரும், இடுப்புத் தளம் ஓரிரு சென்டிமீட்டர் கீழே இறங்கும், மலம் வழுக்கிக்கொண்டு வரும். இதில் இறுக்கத்துக்கு வேலையே இல்லை.

சிலருக்கு இந்த இரண்டாவது காரியம் நடப்பதில்லை. முக்கும்போது தளர வேண்டிய தசை அப்படியே இருக்கிறது, அல்லது இன்னும் இறுகுகிறது. மேலிருந்து தள்ளுகிறார்கள், கீழே கதவைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிவதில்லை. மருத்துவர்கள் இதை டிஸ்சினர்ஜியா என்கிறார்கள். நாள்பட்ட மலச்சிக்கலோடு பெரிய மருத்துவமனைகளின் குடல் பிரிவுக்கு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது என்பது பல நாடுகளில் கண்ட நிலவரம். அவர்களில் பலர் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் பேதி மாத்திரையோடு ஓட்டியிருப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தசை எப்போதும் இறுகியிருப்பது ஒன்று, தள்ளும்போது மட்டும் தவறாக இறுகுவது இன்னொன்று. முதலாவது இருப்பவருக்கு வால் எலும்பைச் சுற்றி வலி, நீண்ட நேரம் உட்கார்ந்தால் குதத்துக்குள் கனமான வலி, உடலுறவில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம் எல்லாம் சேர்ந்து வரலாம். இரண்டாவது இருப்பவருக்கு மற்ற நேரத்தில் எந்தத் தொந்தரவும் இருக்காது. நடைமுறையில் இரண்டும் கலந்தே அதிகம் வருகின்றன. இரண்டுக்குமே தேவைப்படுவது விடுவதற்கான பழக்கம்.

முதல் வழி: கெகலைத் தொடர்வது

கெகல் பயிற்சி மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. இருமும்போது சிறுநீர் கசிபவர்களுக்கும், புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கட்டுப்பாடு இழந்த ஆண்களுக்கும், மலத்தை அடக்க முடியாதவர்களுக்கும் முதலில் எழுதித்தர வேண்டிய பயிற்சி அதுதான். அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் இதை வெளியிட்டபோது, பிரசவத்தில் தளர்ந்துபோன தசையைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அவர் சும்மா இறுக்கச் சொல்லி அனுப்பவும் இல்லை. பெரினியோமீட்டர் என்ற அழுத்தமானியை யோனிக்குள் வைத்து, முள் எவ்வளவு ஏறுகிறது என்று பெண்ணே பார்த்துச் செய்யும்படி கற்றுக்கொடுத்தார். இன்று அந்தக் கருவியும் பரிசோதனையும் கழன்றுபோய், இறுக்கு என்ற ஒரு சொல் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

சொல்லால் மட்டும் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1991இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 47 பெண்களுக்கு கெகலை வாயால் மட்டும் விளக்கிவிட்டு அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. நான்கில் ஒருவர், கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார்.

நம் பெண்ணின் பிரச்சினை அது அல்ல. அவர் நன்றாகவே இறுக்கினார். விடுவதைத்தான் செய்யவில்லை. முறையான கெகலில் பிடிக்கும் நேரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ விடும் நேரம் இருக்கும். வேலைக்கு நடுவே அவசரமாகச் செய்கிறவர்கள் அடுத்த பிடிப்புக்கு ஓடிவிடுகிறார்கள். நாள் முழுக்க இப்படிப் போனால், தசை ஓய்வில் இருக்கும் நிலையே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி நிற்கிறது. போதாததற்கு, கழிவறையில் முக்கும்போது மூளைக்கு அந்த இடத்தில் நன்றாகப் பழகிய அசைவு ஒன்றுதான் தெரியும், இழுத்துப் பிடிப்பது. அதையே செய்துவிடுகிறது.

கசிவு ஏன் குறையவில்லை? எப்போதும் சுருங்கியே இருக்கும் தசைக்கு, தும்மல் வரும் நொடியில் மேலும் சுருங்க இடம் இல்லை. ஆகவே இறுக்கமும் பலவீனமும் ஒரே தசையில் சேர்ந்தே இருக்கலாம். சிறுநீர் கசிகிறது, எனவே தசை தளர்ந்திருக்கிறது, எனவே இன்னும் இறுக்க வேண்டும் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் தப்புகிறது.

கெகல் எல்லாருக்கும் மலச்சிக்கல் தரும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மலம் சுலபமாகப் போகிறது, வலி இல்லை, கசிவு குறைந்துவருகிறது என்றால் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. தொடங்கிய பிறகு முக்கல் கூடினால், முழுசாகப் போகாத உணர்வு வந்தால், இடுப்படியில் வலி தோன்றினால், அந்தப் பயிற்சியை ஆறு வாரம் ஒதுக்கிவைத்துப் பார்ப்பதுதான் சரி. அஸ்வினி முத்திரைக்கும் இதே பேச்சுதான்.

வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது

முதல் தடயம் மலம் எப்படி இருக்கிறது என்பதிலேயே கிடைக்கும். கெட்டியாக, ஆட்டுப் புழுக்கை போல இருந்து முக்க வேண்டியிருந்தால், அது பெரும்பாலும் குடல் மெதுவாக நகர்வதாலோ நீரும் நாரும் குறைவதாலோ வருவது. மலம் வாழைப்பழம் போல மெத்தென்று இருந்தும் முக்க வேண்டியிருந்தால் கதவின் மேல் சந்தேகப்பட வேண்டும். பேதியானால் மட்டும் நிம்மதியாகப் போகிறது என்பதும் அதே தடயம். விரலை உள்ளே விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது, அல்லது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது என்பதைப் பலர் வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்வதில்லை. மருத்துவருக்கு அதுதான் மிக உதவியான தகவல்.

இன்னொன்றை உடம்பிலேயே பார்க்கலாம். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு விரலை ஆசனவாய்க்குச் சற்று முன்னால் வெளியே மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பிரிய விடுவது போல மெல்லக் கீழே தள்ளிப் பாருங்கள். அந்த இடம் விரலை நோக்கிப் புடைத்து வர வேண்டும். விரலை விட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போனால் தசை தவறான திசையில் வேலை செய்கிறது என்று பொருள். அப்புறம் ஒரு தடவை இறுக்கி, விட்டுப் பாருங்கள். விடும்போது தெளிவாக ஓர் இறக்கம் தெரிய வேண்டும். விட்டோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு குறி.

இவை சந்தேகத்தை எழுப்பும் அளவுக்குத்தான் பயன்படும். உறுதி செய்ய மருத்துவரின் விரல் பரிசோதனை வேண்டும். கையுறை போட்ட விரலை ஆசனவாய்க்குள் வைத்து, முதலில் இறுக்கச் சொல்வார், பிறகு மலம் கழிப்பது போலத் தள்ளச் சொல்வார். தள்ளும்போது விரலைச் சுற்றித் தளர வேண்டிய இடம் கவ்விப் பிடித்தால் விஷயம் பெரும்பாலும் புரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமலே பல பேருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்துச் சீட்டு மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது என்பது என் மனக்குறை.

ஒரு எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தசையைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாயில் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். வெடிப்பின் வலியே தசையை இறுக வைக்கும், இறுகியதால் வெடிப்பு ஆறாது. வெடிப்புக்கு மருந்து போடாமல் பயிற்சி மட்டும் செய்தால் பலன் இருக்காது.

இரண்டாம் வழி: மலத்தை இளக்குவது மட்டும்

பெரும்பாலோர் முதலில் போகும் வழி இதுதான். இசப்கோல், லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள், அதுவும் போதாவிட்டால் பேதி மாத்திரை. மலம் கெட்டியாக இருந்தால் இதைச் செய்தே ஆக வேண்டும். கெட்டி மலத்தை வைத்துக்கொண்டு தசையைத் தளர்த்தப் பழக முடியாது.

ஆனால் நார்ச்சத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. வெளியேற்றும் தசையில் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நாரைக் கூட்டுவதால் மட்டும் குணம் தெரிவதில்லை. நம் பெண் தினமும் இரண்டு பெரிய கரண்டி இசப்கோல் சாப்பிட்டார். மலத்தின் அளவு கூடியது, கதவு பழையபடி அடைத்தே இருந்தது. வயிறு உப்பி, மாலையில் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டிவந்தது. இந்த நிலையில் நாரைக் குறைத்து, லாக்டுலோஸுக்கும் வாயு வருமென்பதால், பாலிஎத்திலீன் கிளைக்கால் போல நீரைப் பிடித்து வைத்து இளக்கும் தூளுக்கு மாறுவது நல்லது. வழக்கமாகத் தண்ணீரில் கலந்து நாளைக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். பாலூட்டுபவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கட்டாயம் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இந்த வழியை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நல்ல பதில் இத்தாலியில் இருந்து வந்தது. 2006இல் வெளியான ஆய்வு அது. டிஸ்சினர்ஜியா உறுதியான 109 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறையாக ஐந்து தடவை பயோஃபீட்பேக் கொடுத்தார்கள். மறு பாதிக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளும் ஆலோசனையும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். தூள் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கே. மருந்து தோற்றுப்போனது என்று இதற்குப் பொருள் இல்லை, மலத்தை இளக்குவது அதன் வேலை, அதைச் செய்தது. தசைக்குக் கற்றுக்கொடுப்பது அதனால் ஆகாது.

மூன்றாம் வழி: தளர்த்தக் கற்றுக்கொள்வது

நம் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செலவில்லை, தீங்கும் அநேகமாக இல்லை. ஆறு வாரத்துக்குள் பலன் தெரிய வேண்டும். மூன்று பகுதிகள் இருக்கின்றன, அவற்றில் மூச்சுதான் அடிப்படை.

மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதன் அழுத்தத்தில் இடுப்புத் தளமும் சற்றுக் கீழே இறங்கி விரிகிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே எழும்பும். நெஞ்சை மட்டும் தூக்கி மேலோட்டமாகச் சுவாசிக்கும் பழக்கமும், தொப்பை தெரியாமலிருக்க நாள் முழுக்க வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் இந்த இறக்கம் நடப்பதே இல்லை. ஆகவே மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றின் கீழ் தலையணை வைத்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் நான்கு எண்ணிக்கை இழுங்கள். வயிறு மட்டும் அல்ல, விலாவின் இரு பக்கமும் விரிய வேண்டும். அந்த நேரம் ஆசனவாய் மலர்வதைக் கவனியுங்கள். அவசரமில்லாமல் ஆறு எண்ணிக்கை விடுங்கள். விடும்போது எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம், காலையும் இரவும்.

முதல் வாரத்தில் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றே பலர் சொல்வார்கள். சரி, அதனால் குற்றமில்லை. சுருட்டிய துண்டு ஒன்றின் மேல் அதன் நீளவாட்டில் உட்கார்ந்து இதையே செய்தால், மூச்சு இழுக்கும்போது துண்டின் மேல் அழுத்தம் கூடுவது புலப்படும். அது புலப்பட்டபின் பாலாசனத்தில் குனிந்தபடியோ, மல்லாந்து பாதங்களைப் பிடித்து முழங்கால்களை அகற்றி வைத்தோ அதே மூச்சைச் செய்யலாம். தொடையின் உள்பக்கத்தையும் புட்டத்தையும் நீட்டிவிடும் நிலைகள் உதவும். இதில் வலு காட்டிக் கீழே தள்ளத் தேவையில்லை. தளர்த்துவதும் தள்ளுவதும் வேறு வேறு. தள்ளுவதையே நாள் முழுக்கப் பழகினால் உறுப்பு இறங்கும் தொல்லை வரலாம்.

அடுத்தது உட்காரும் விதம். இந்திய முறைக் கழிவறையில் குந்தி உட்காரும்போது தொடை வயிற்றோடு சேர்வதால் அந்தக் குழாய் மடிப்பு தானாகவே நிமிர்கிறது. மேலைநாட்டு முறையில் உட்கார்பவர்கள் முழங்கால் இடுப்பைவிட உயரமாக வரும்படி, 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மணையையோ சிறு ஸ்டூலையோ காலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, பாதத்தை முழுசாகப் பதிய வைக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர் குந்தச் சிரமப்பட்டு உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டால் லாபம் ஏதும் இல்லை, அவருக்கு ஸ்டூல்தான் சரி.

மூன்றாவது, நேரமும் தள்ளும் முறையும். எழுந்து வெந்நீரோ காபியோ குடித்து, காலை உணவு சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும். அந்த அசைவை வீணாக்காமல் போய் உட்காருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், இடுப்பு அகலமாக விரிவது போல மூச்சை இழுங்கள். அந்த விரிவை அப்படியே வைத்துக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்து “ஷ்ஷ்” என்று விட்டபடியே பின்பக்கம் கீழ்நோக்கி மெல்லத் தள்ளுங்கள். தொண்டையை அடைத்து, முகம் சிவக்க முக்கினால் இவர்களுக்குத் தசை இன்னும் இறுகும். ஐந்து நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போனால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே இருக்கும்.

நம் பெண்ணின் ஆறு வாரத்தை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் வாரத்தில் கெகலும் இசப்கோலும் நின்றன, மருத்துவர் சொன்ன தூள் தொடங்கியது. இரண்டாவது வாரம் வரை கழிவறையில் பெரிய மாற்றம் இல்லை. வயிறு உப்புவது மட்டும் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் மூச்சோடு கீழே இறங்குவது தெரிய ஆரம்பித்தது. நான்காவது வாரம் உட்காரும் நேரம் அரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு வந்தது. முழுசாகப் போகாத உணர்வுதான் கடைசிவரை தங்கியது. அது மெதுவாகத்தான் போகும், பாதியில் சலித்து முக்கலுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம் தடுக்கிவிழுவது இங்கேதான். உள்ளே வலிக்கும் முடிச்சுகள் இருந்தால், இடுப்புத் தளப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் விரலால் அழுத்தி விடுவிப்பதும் இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதன் குறை என்ன? சரியாகச் செய்கிறோமா என்று சொல்ல யாரும் இல்லை. தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பவருக்கு, தான் செய்வது என்னவென்று கடைசிவரை தெரியாமல் போகலாம். அதனால்தான் நான்காவது வழி இருக்கிறது.

நான்காம் வழி: பயோஃபீட்பேக்

ஆறு வாரத்தில் தெளிவான மாற்றம் இல்லை என்றாலோ, தொடக்கத்திலேயே விரலால் எடுக்கும் நிலை என்றாலோ இரைப்பை குடல் மருத்துவரிடம் போய்ச் சோதனை செய்துகொள்வது நல்லது. சிறு பலூனை மலக்குடலுக்குள் வைத்து 50 மில்லி தண்ணீர் நிரப்பி, தனியாகக் கழிவறையில் உட்கார்ந்து வெளியேற்றச் சொல்வார்கள். சாதாரணமாக ஒரு நிமிடம், கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் இரண்டு நிமிடம் போதும். ஆசனவாய் மேனோமெட்ரியில் மெல்லிய குழாய் ஒன்று, தள்ளும்போது அங்கே அழுத்தம் குறைகிறதா கூடுகிறதா என்று வரைந்து காட்டும். ஒரே சோதனையை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். பழக்கமில்லாத அறையில், கூச்சத்தோடு தள்ளும்போது ஆரோக்கியமானவருக்கே தசை இறுகுவதுண்டு. குறைந்தது இரண்டு சோதனைகள் ஒன்றுபோலச் சொன்னால்தான் டிஸ்சினர்ஜியா என்று பெயர் சூட்டுவார்கள்.

பயோஃபீட்பேக்கில் அதே மாதிரி உணரியை வைத்து, வரைகோட்டை நீங்களே திரையில் பார்க்கிறீர்கள். தள்ளுங்கள் என்கிறார் சிகிச்சையாளர். தளர்த்திவிட்டதாகத்தான் நினைப்பீர்கள், கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த நொடி பலருக்குப் பெரிய திடுக்கிடல். மூச்சை மாற்றி, தாடையைத் தளர்த்தி, வயிற்றை விரித்துப் பார்க்கிறீர்கள், கோடு இறங்குகிறது. இறங்கிய அந்த உணர்வை மறுபடி மறுபடி பிடித்துக்கொள்வதே பயிற்சி. பிறகு நீர் நிரப்பிய பலூனை வெளியேற்றிப் பழகுவீர்கள். பொதுவாக வாரம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என நான்கு முதல் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போல இருக்கும். நடுவில் வீட்டில் செய்ய வேண்டியது மேலே சொன்ன மூச்சும் உட்காரும் முறையும்தான்.

இத்தாலிய ஆய்வின் 80 சதவீதத்தைப் பார்த்து இது எல்லா மலச்சிக்கலுக்கும் என்று நினைக்க வேண்டாம். அதே குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தசைக் கோளாறு இல்லாமல் குடல் மட்டும் மெதுவாக நகர்பவர்களுக்குப் பயோஃபீட்பேக் ஏறக்குறைய எந்தப் பலனும் தரவில்லை. சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு போவது இதற்காகத்தான். நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. இந்த வசதி பெரும்பாலும் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கிறது. ஊரிலிருந்து வாராவாரம் போக முடியாதவர் இரண்டு மூன்று அமர்வுகளுக்காவது போய், தவறு எங்கே என்று திரையில் பார்த்துவிட்டு வந்தால், வீட்டுப் பயிற்சி வேறு தரத்துக்குப் போய்விடும்.

பியூபோரெக்டாலிஸில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. அதன் பலன் சில மாதங்களில் தேயும், சிலருக்கு மலம் கசியும். எல்லாம் செய்தும் தீராதவர்களுக்கு மட்டும் பேச வேண்டிய விஷயம் அது.

எதைத் தேர்ந்தெடுப்பது, கெகல் எப்போது திரும்பலாம்

மலம் மெத்தென்று இருந்தும் முக்க வேண்டியிருக்கிறது, வலியோ கசிவோ சேர்ந்திருக்கிறது என்றால் என் தேர்வு தெளிவானது. கெகலை நிறுத்திவிட்டு, மூன்றாம் வழியை ஆறு வாரம் செய்யுங்கள், இரண்டாம் வழியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பலன் இல்லையென்றால் நான்காவதுக்குப் போங்கள். நல்ல நகரத்தில் இருக்கிறீர்கள், செலவும் தாங்கும் என்றால் நேராகவே நான்காவதிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை. நேரம் மிச்சமாகும். மலம் கெட்டியாக மட்டும் இருக்கிறது, இளகினால் நிம்மதியாகப் போகிறது என்பவருக்கு இரண்டாம் வழி ஒன்றே போதும். மலச்சிக்கலே இல்லாமல் கசிவு மட்டும் உள்ளவர் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு கெகலைச் சரியாகக் கற்றுக்கொள்ளலாம்.

நம் பெண்ணுக்குச் சிறுநீர்க் கசிவு இன்னும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தசை நன்றாக விடக் கற்றுக்கொண்டபின் சிலருக்குக் கசிவு தானாகவே குறைகிறது, சுருங்குவதற்கு இப்போது இடம் கிடைத்துவிட்டதே. குறையாவிட்டால் கெகல் திரும்பி வரும். இந்த முறை அளவோடு வரும். மூன்று எண்ணிக்கை பிடித்து, ஆறு முதல் பத்து எண்ணிக்கை முழுசாக விட்டு, எட்டு தடவை, நாளைக்கு இரண்டு வேளை. ஒவ்வொரு பிடிப்புக்குப் பின்னும் ஒரு வயிற்று மூச்சு இழுத்து, கீழே இறக்கம் தெரிந்த பிறகுதான் அடுத்தது. இறக்கம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேருந்திலும் அடுப்படியிலும் நின்றுகொண்டு செய்வது கிடையாது, கழிவறையில் உட்கார்ந்துகொண்டு ஒருபோதும் கிடையாது. முக்கல் திரும்பி வந்தால் மறுபடி இரண்டு வாரம் மூச்சுப் பயிற்சிக்கே போய்விட்டு வர வேண்டும்.